‘ஆய்வுகள் மிகக் குறைவு’ என்று எழுதியதற்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்: புரோட்டோகாலில் ஆய்வுக்கான நியாயத்தை எப்படி மாற்றி எழுதுவது?

நெஞ்சக_மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இருமலோடு இரத்தம் வந்து அனுமதிக்கப்படும் நோயாளிகளுக்கு டிரனெக்சாமிக் அமிலத்தை நெபுலைசர் வழியாகக் கொடுத்தால் பயன் உண்டா என்று பார்க்கும் ஆய்வு ஒன்றுக்குப் புரோட்டோகால் எழுதி, அறநெறிக் குழுவிடம் கொடுத்திருந்தேன். ஒரு பக்கம் மருந்துக் கரைசல், மறு பக்கம் வெறும் உப்பு நீர், பக்கத்துக்கு 60 பேர் என்பது திட்டம். குழு மற்றப் பகுதிகளில் சிறு திருத்தங்களே சொன்னது; ஆனால் ஆய்வுக்கான நியாயம் என்ற பகுதியை மட்டும் முழுவதுமாக மாற்றி எழுதச் சொல்லி, “இடைவெளி எது, முன்சான்று என்ன, நோக்கம் எது என்று தெரியவில்லை” என்று ஒரே வரியில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது. நான் எழுதியிருந்தது இது:

> இருமலோடு இரத்தம் வருதல் உலகெங்கும் பரவலாகக் காணப்படும் அறிகுறியாகும். காசநோய், மூச்சுக்குழல் விரிவு, புற்றுநோய் முதலியவை இதன் காரணங்கள். டிரனெக்சாமிக் அமிலம் இரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் மருந்து. பலவகை இரத்தப்போக்குகளில் பயனளித்துள்ளது. நெபுலைசர் வழியாகக் கொடுத்த நோயாளிகளில் இரத்தம் நின்றதாகப் பல தனிநோயாளிக் குறிப்புகள் கூறுகின்றன. எனினும் இது குறித்த ஆய்வுகள் மிகக் குறைவு. ஆகவே இந்த ஆய்வு மேற்கொள்ளப்படுகிறது.

இதில் சொல்ல வேண்டியவை எல்லாம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எது குறைகிறது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

இயன்முறை_செல்வி எழுதியது:

எனக்கும் இதேதான் நடந்தது. முழங்கால் வலிக்கான பயிற்சி பற்றிய என் ஆய்வில் “எங்கள் மருத்துவமனையில் இதுவரை இத்தகைய ஆய்வு நடந்ததில்லை” என்பதையே இடைவெளி என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, “உங்கள் மருத்துவமனைக்கு வரும் முழங்கால் வேறு வகையா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நோயின் பரவல் பற்றி இன்னும் மூன்று பத்திகள் சேர்த்தேன். பின்னணி நீளமாக இருந்தால் குழுவுக்குத் திருப்தியாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கும் திரும்பி வந்தது. ஆகவே நீங்கள் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம். அதற்கு மேல் என்ன செய்வது என்பது எனக்கும் சரியாகத் தெரியாது.

---

குழு_முன்னாள்_உறுப்பினர் எழுதியது:

பல ஆண்டுகள் இத்தகைய புரோட்டோகால்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் பத்தியில் உள்ள ஏழு வாக்கியங்களில் முதல் மூன்றை எந்தப் பாடநூலிலிருந்தும் எடுக்கலாம். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு மருந்தின் பெயரை மட்டும் மாற்றினால் இன்னோர் ஆய்வுக்கும் பொருந்தும். குழுவில் உட்கார்ந்திருப்பவர் தேடுவது அதுவன்று. படுக்கையில் இருக்கும் ஒரு நோயாளிக்கு இந்த மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவில் இன்று மருத்துவருக்கு எது தெரியவில்லை, ஏற்கெனவே தெரிந்தது அந்த ஐயத்தைத் தீர்க்க ஏன் போதவில்லை, உங்கள் 120 பேர் அதை எவ்வளவு தூரம் தீர்ப்பார்கள் என்பதே அவர் கேட்பது.

‘ஆய்வுகள் மிகக் குறைவு’ என்பது இடைவெளி ஆகாது. குறைவு என்றால் எத்தனை? ஒன்றா, ஐந்தா? அவை என்ன சொன்னன? ஒரே ஓர் ஆய்வு இருந்தாலும் அது பெரியதாகவும் பிழையின்றியும் இருந்தால் இன்னோர் ஆய்வு தேவையில்லாமல் போகலாம். இருபது ஆய்வுகள் இருந்தும் நோயாளிக்கு முக்கியமான ஒன்றை எவரும் அளக்காமல் விட்டிருக்கலாம். எண்ணிக்கையைச் சொல்வது கேள்வியைத் தவிர்ப்பதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

புரோட்டோகாலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கூறும் ஸ்பிரிட் பட்டியலின் 2013 பதிப்பில் ஆறாவது உருப்படியைப் படியுங்கள். வெளியானவை, வெளியாகாதவை ஆகிய இரண்டையும் தொகுத்து, நன்மையோடு தீமையையும் சொல்லச் சொல்கிறது. ஒப்பீட்டுக்கு எடுத்ததை ஏன் எடுத்தீர்கள் என்றும் தனியாகக் கேட்கிறது. 2025-இல் வந்த புதிய பதிப்பில் உருப்படியின் எண் மாறியிருக்கிறதே தவிரக் கேள்வி மாறவில்லை. உங்கள் பத்தியில் தீமை பற்றி ஒரு சொல்கூட இல்லை. உப்பு நீர் ஏன் என்பதற்கும் விளக்கம் இல்லை.

முதலில் ஒன்று சொல்லுங்கள்: எப்படித் தேடினீர்கள்?

---

நெஞ்சக_மாணவன் எழுதியது:

நன்றி ஐயா. பப்மெட் தளத்தில் இப்படித் தேடினேன்:

```
"nebulised tranexamic acid" AND haemoptysis
```

சில தனிநோயாளிக் குறிப்புகள் மட்டுமே கிடைத்தன. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் குறைவு என்று எழுதினேன்.

---

நூலக_மேசை எழுதியது:

மேற்கோள் குறிக்குள் சொற்றொடரை அடைத்தால், பப்மெட் அந்தச் சொற்றொடரை எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும். எழுத்துக்கூட்டல் வேறுபாட்டையும் ஒத்த பொருளுடைய சொற்களையும் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி அதோடு நின்றுவிடும். நீங்கள் தவறவிட்ட முக்கியமான ஆய்வு 2018-இல் செஸ்ட் இதழில் வந்தது. அதன் தலைப்பில் நெபுலைசர் என்ற சொல்லே இல்லை, ‘இன்ஹேல்டு’ என்றுதான் இருக்கிறது. இப்படித் தேடிப் பாருங்கள்:

```
(hemoptysis OR haemoptysis) AND tranexamic
AND (nebuli* OR inhal* OR aerosol*)
```

இதே பொருளை ClinicalTrials.gov தளத்திலும் தேட வேண்டும். முடிந்தும் வெளியாகாதவை, இப்போது நடந்துகொண்டிருப்பவை ஆகியவை அங்கேதான் தெரியும். தேடிய நாளையும் பயன்படுத்திய சொற்களையும் புரோட்டோகாலில் ஒரு வரியாகக் குறித்துவிடுங்கள். இடைவெளி உண்டு என்ற கூற்றுக்கு அந்த ஒரு வரிதான் அடித்தளம். அது இல்லையென்றால் ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடு கிடையாது.

---

நெஞ்சக_மாணவன் எழுதியது:

தேடினேன், கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கிறது. நீங்கள் சொன்ன 2018 ஆய்வில் 47 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 25 பேருக்கு 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று முறை மருந்தும் 22 பேருக்கு உப்பு நீரும் நெபுலைசரில் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நாட்களுக்குள் இரத்தம் முழுமையாக நின்றவர்கள் ஒரு பக்கம் 96 சதவீதம், மறு பக்கம் 50 சதவீதம். என் திட்டமும் கிட்டத்தட்ட இதேதான், மருந்தின் அளவும்கூட அதேதான். இதைத் தவிர 2023-இல் 110 பேரிடம், நெபுலைசர் வழியையும் நரம்பு வழியையும் ஒப்பிட்ட ஒரு முன்னோட்ட ஆய்வும் இருக்கிறது. அதில் நெபுலைசர் பக்கமே மேலாக இருந்திருக்கிறது.

இனி என் ஆய்வுக்கு என்ன நியாயம் இருக்கிறது? விட்டுவிடுவதா?

---

வார்டு_மருத்துவர் எழுதியது:

விட்டுவிட வேண்டும் என்றே நான் சொல்வேன். 96-க்கு 50 என்றால் இதற்கு மேல் என்ன வேண்டும்? இதைத் தெரிந்துகொண்டு இன்னும் 60 பேருக்கு வெறும் உப்பு நீர் கொடுப்பது சரியா? நான் என் வார்டில் இந்த மருந்தை நெபுலைசரில் கொடுத்துவருகிறேன், பெரும்பாலோருக்கு நின்றுவிடுகிறது. இடைவெளி வேண்டுமென்றால், அந்த ஆய்வு பெருமளவு இரத்தம் வந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஒரு நாளில் 200 மில்லிலிட்டருக்கு மேல் போனவர்களையும், மூச்சோ இரத்த அழுத்தமோ நிலைகுலைந்தவர்களையும் விலக்கிவிட்டார்கள். பெருமளவில் இரத்தம் வருபவர்களுக்குச் சான்று இல்லை என்று எழுதுங்கள், அதுவே இடைவெளி.

---

குழு_முன்னாள்_உறுப்பினர் எழுதியது:

டாக்டர் சொன்னதில் ஒரு பாதி மிகச் சரி. அந்த ஆய்வு யாரை விலக்கியது என்று பார்ப்பது இடைவெளியைக் கண்டறியும் முறைகளில் சிறந்தது. ஆனால் மாணவரின் புரோட்டோகாலில் சேர்க்கைத் தகுதி என்ன? அவரும் 200 மில்லிலிட்டருக்கு மேல் போனவர்களை விலக்கத்தான் போகிறார் என்று நினைக்கிறேன். அப்படியானால் நியாயப் பகுதியில் பெருமளவு இரத்தப்போக்கை இடைவெளி என்று காட்டிவிட்டு, நான்காம் பகுதியில் அந்த நோயாளிகளையே வெளியே நிறுத்துவார். குழுக்கள் முதலில் பிடிக்கும் முரண்பாடு இதுதான். எவரைச் சேர்க்கிறோமோ அவரைப் பற்றிய ஐயத்தையே இடைவெளியாகச் சொல்ல முடியும்.

வார்டில் பெரும்பாலோருக்கு நின்றுவிடுகிறது என்பதையும் அந்த ஆய்வே கேள்விக்குள்ளாக்குகிறது, பாருங்கள். உப்பு நீர் பெற்ற 22 பேரில் 11 பேருக்கு ஐந்து நாட்களுக்குள் தானாகவே நின்றிருக்கிறது. இந்த நோயின் இயல்பு அப்படி. ஆகவே ஒப்பீடு இல்லாமல் ‘கொடுத்தோம், நின்றது’ என்று சொல்லும் தனிநோயாளிக் குறிப்புகள் இங்கே சான்றாக நிற்காது; மாணவரின் முதல் வரைவு அவற்றின்மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தது. உப்பு நீர்ப் பக்கம் ஏன் தேவை என்பதற்கும் காரணம் இதுவே. அந்த 11 பேரை நியாயப் பகுதியிலேயே எழுதுங்கள்.

---

எண்_கணக்கு எழுதியது:

புள்ளியியல் பக்கத்திலிருந்து ஒன்று. இரத்தம் நின்றதில் உள்ள வேறுபாடு வலுவானது. அதை ஒதுக்க முடியாது. ஆனால் நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் அதைவிட முக்கியமானது, பிராங்கோஸ்கோப்பி வழிச் சிகிச்சையோ இரத்தக் குழாயை அடைக்கும் எம்போலைசேஷனோ தேவைப்பட்டதா என்பது. அதே ஆய்வு இதையும் சொல்கிறது: மருந்துப் பக்கம் எவருக்கும் தேவைப்படவில்லை, உப்பு நீர்ப் பக்கம் 18.2 சதவீதத்தினருக்குத் தேவைப்பட்டது, பி மதிப்பு 0.041.

இப்போது சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள். 22 பேரில் 18.2 சதவீதம் என்றால் 4 பேர். அதாவது 25-இல் 0, 22-இல் 4. மருந்து பெற்றவர்களில் ஒரே ஒருவர் கூடுதலாகச் சிகிச்சைக்குப் போயிருந்தால், 25-இல் 1, 22-இல் 4 என்றாகும். ஃபிஷர் முறையில் கணக்கிட்டால் பி மதிப்பு 0.17 ஆகிவிடும். நான் கணக்கிட்டுப் பார்த்தேன், நீங்களும் பார்க்கலாம். ஒருவருடைய இருமலைச் சார்ந்து நிற்கும் முடிவு இது.

பாதுகாப்பும் அப்படித்தான். பக்கவிளைவு எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள், உண்மையாகவே இருக்கும். ஆனால் 25 பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால், உண்மையான விகிதம் 11 சதவீதம் வரை இருப்பதை அந்தத் தரவு மறுக்காது. ‘பாதுகாப்பானது என நிறுவப்பட்டுள்ளது’ என்று எழுதிவிடாதீர்கள்.

---

மருந்தியல்_வாசகர் எழுதியது:

இந்த மருந்தைப் பற்றி இவ்வளவு பேசவே தேவையில்லை. ஹால்ட்-இட் ஆய்வு 2020-இல் வந்துவிட்டது. இரைப்பை, குடல் இரத்தப்போக்கு உள்ள 12,009 பேர்; இரத்தப்போக்கால் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 4 சதவீதம், வேறுபாடே இல்லை. சிரை இரத்தக்கட்டி மட்டும் 0.4 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக உயர்ந்தது. அதற்கு முன் சிறிய ஆய்வுகளைத் திரட்டிய மீளாய்வு, இறப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்று சொல்லியிருந்தது. விபத்தில் காயம்பட்டவர்களைத் தவிர வேறெவருக்கும் இது வேலை செய்யாது என்பது தெளிவாகிவிட்டது. மாணவர் வேறு தலைப்பு எடுக்கலாம்.

---

குழு_முன்னாள்_உறுப்பினர் எழுதியது:

எண்கள் சரி, முடிவு அவசரம். பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கில் 20,060 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், இரத்தப்போக்கால் நேர்ந்த இறப்பு 1.9 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே காயம்பட்டவர்களைத் தவிர எவருக்கும் வேலை செய்யாது என்பது சரியன்று. மேலும், ஹால்ட்-இட்டில் நரம்பு வழியாக 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராம் கொடுத்தார்கள். இங்கே நெபுலைசரில் நாளுக்கு ஒன்றரை கிராம், அதுவும் நுரையீரலுக்குள். அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது.

ஆனால் அந்த ஆய்வை மேற்கோள் காட்டியே ஆக வேண்டும், அதற்குக் காரணம் நீங்கள் சொன்னதுதான். இதே மருந்தில், சிறிய ஆய்வுகள் காட்டிய பெரிய நன்மை பெரிய ஆய்வில் காணாமல் போயிற்று. 47 பேரிடம் கண்ட 46 சதவீதப் புள்ளி வேறுபாட்டை ஏன் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று கேட்கும் வார்டு மருத்துவருக்கு இதைவிட நேரான பதில் இல்லை. தனக்குச் சாதகமான ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு இதை மறைத்தால், குழுவில் இதைப் படித்த ஒருவர் இருந்தாலே போதும்.

இங்கே ஒரு கிளைக் குறிப்பு. 2011-இல் இருவர், 1,523 ஆய்வுகளை எடுத்து, தமக்கு முன் நடந்தவற்றில் எவற்றை அவை மேற்கோள் காட்டின என்று பார்த்தார்கள். முன்னர் எத்தனை ஆய்வுகள் நடந்திருந்தாலும், மேற்கோள் காட்டப்பட்டவற்றின் இடைநிலை எண்ணிக்கை இரண்டே. மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மாணவரைக் குறை சொல்லவில்லை. இது துறையின் பழக்கம்.

---

நெஞ்சக_மாணவன் எழுதியது:

இப்போது கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. மாற்றி எழுதிப் பார்த்தேன்:

> பெருமளவு அல்லாத இருமல் இரத்தத்தோடு அனுமதிக்கப்படும் பெரியவர்களுக்கு நெபுலைசர் வழி டிரனெக்சாமிக் அமிலம் கொடுப்பதால், பிராங்கோஸ்கோப்பி வழிச் சிகிச்சை அல்லது எம்போலைசேஷனுக்கான தேவை குறைகிறதா என்பது உறுதியாகத் தெரியவில்லை. உப்பு நீரோடு ஒப்பிட்ட ஆய்வாக நமக்குக் கிடைத்த ஒன்றில் 47 பேரே இருந்தனர். அதில் மருந்து பெற்ற 25 பேரில் எவருக்கும் இச்சிகிச்சை தேவைப்படவில்லை, உப்பு நீர் பெற்ற 22 பேரில் 4 பேருக்குத் தேவைப்பட்டது. இந்த ஐயத்தைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

மீதியைப் பிறகு சேர்க்கிறேன். திசை சரியா?

---

எண்_கணக்கு எழுதியது:

எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் 120 பேர் அதைத் தாங்க மாட்டார்கள். மாதிரி அளவை எதை வைத்துக் கணக்கிட்டீர்கள்? இரத்தம் நிற்பதை வைத்து என்று நினைக்கிறேன். ஐந்து நாளில் நிற்பவர்கள் 50 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக உயர்வதைக் கண்டறிய, 80 சதவீத ஆற்றலோடு, பக்கத்துக்கு 58 பேர் வேண்டும். உங்கள் 60 அங்கேயிருந்து வந்திருக்கும்.

இப்போது நோக்கத்தை எம்போலைசேஷன் பக்கம் திருப்பிவிட்டீர்கள். 18 சதவீதம் 9 ஆகக் குறைவதைக் கண்டறிய வேண்டுமானால் பக்கத்துக்கு 225 பேர் தேவை. 60 பேரோடு அதைச் செய்தால், அப்படி ஒரு குறைவு உண்மையிலேயே இருந்தாலும் அதைப் பிடிப்பதற்கு 30 சதவீத வாய்ப்புதான். ‘ஐயத்தைத் தீர்ப்பதே நோக்கம்’ என்று எழுதிவிட்டு, பத்தில் ஏழு தடவை தீர்க்காமல் முடியக்கூடிய ஆய்வைச் செய்வீர்கள்.

நியாயப் பகுதியைத் தனியாக மாற்ற முடியாது என்பது இதிலிருந்து தெரியும். அதில் ஒரு விளைவின் பெயரைச் சொன்னால், முதன்மை விளைவு, மாதிரி அளவு, சேர்க்கைத் தகுதி மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

---

இயன்முறை_செல்வி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் முதலில் மாதிரி அளவை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் இடைவெளியைத் தேடி எழுதுவதா? தலைகீழாகத் தோன்றுகிறதே. என் ஆய்வில் நோயாளிகளின் எண்ணிக்கை எனக்குக் கொடுக்கப்பட்ட காலத்தைப் பொறுத்தே அமைந்தது; அதை மாற்ற எனக்கு வழியே இல்லை.

---

குழு_முன்னாள்_உறுப்பினர் எழுதியது:

அம்மா, தலைகீழ்தான்; பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் அப்படித்தான் பிறக்கின்றன, அதை மறைப்பதில் பொருளில்லை. எண்ணிக்கை கையில் கட்டப்பட்டிருந்தால் நேர்மையாகச் செய்யக்கூடியது, அந்த எண்ணிக்கையால் விடை சொல்லக்கூடிய சிறிய கேள்வியை நோக்கமாக வைப்பது. பெரிய ஐயத்தை இடைவெளி என்று சொல்லலாம். ஆனால் ‘இவ்வாய்வு அதில் இந்தப் பகுதிக்கு மட்டும் விடை தேடுகிறது, இன்னதற்கு விடை தராது’ என்று அடுத்த வாக்கியத்திலேயே வரம்பு கட்டிவிட வேண்டும்.

மாணவருக்கு முன் இரண்டு வழிகள். ஒன்று, 120 பேரோடு இரத்தம் நிற்பதையே முதன்மை விளைவாக வைத்து, 2018-இல் கண்ட பெரிய வேறுபாடு வேறு நோயாளிகளிடமும் நிலைக்கிறதா என்று சரிபார்க்கும் ஆய்வு என வெளிப்படையாகச் சொல்வது. சிகிச்சைத் தேவையை இரண்டாம் நிலையில் எண்ணி மட்டும் வைப்பது. மற்றொன்று, இன்னும் சில மருத்துவமனைகளைச் சேர்த்து 450 பேருக்குப் போவது. முதலாவதைச் சரிபார்ப்பு ஆய்வு என்று அழைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

---

வார்டு_மருத்துவர் எழுதியது:

25-இல் 1 என்ற கணக்கு என்னையும் யோசிக்க வைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரத்தம் நிற்பதை முதன்மை விளைவாக வைத்தால் என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது, ஏனெனில் அந்த வேறுபாடு வலுவானது என்று எண்_கணக்கு அவர்களே சொன்னார்கள். வலுவான ஒன்றைச் சரிபார்க்க 60 பேருக்கு மருந்தை மறுப்பதா? ஒப்பீட்டுக்கு நரம்பு வழி மருந்தை வைக்கலாமே. எவருக்கும் மறுக்கவில்லை என்றாகும்.

---

எண்_கணக்கு எழுதியது:

நரம்பு வழியை வைத்தால் கேள்வியே மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் நின்றால், இரண்டும் வேலை செய்கின்றனவா, இரண்டும் செய்யவில்லையா என்று பிரித்தறிய முடியாது. உப்பு நீரிலேயே பாதிப்பேருக்கு நிற்கும் நோய் இது. 2023 ஆய்வின் வரம்பும் அதுதான்: ஒரு வழி மற்றொன்றைவிட மேல் என்று காட்டியது, எதுவும் கொடுக்காததைவிட மேலா என்று காட்டவில்லை. மாணவர் அதை மேற்கோள் காட்டும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டும்.

மருந்தை மறுப்பது பற்றி: இரண்டு பக்கமும் வழக்கமான சிகிச்சை முழுவதையும் பெறுவார்கள் என்றும், எந்த அளவுக்கு இரத்தம் வந்தால் ஆய்விலிருந்து விடுவித்து மருத்துவர் விரும்பிய சிகிச்சைக்குப் போகலாம் என்றும் நியாயப் பகுதியிலேயே சொல்லிவிடலாம். அது உங்கள் எதிர்ப்புக்கு முழு விடை ஆகாது என்பதும் தெரியும்.

---

மருந்தியல்_வாசகர் எழுதியது:

நான் அவசரப்பட்டது சரிதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: தீமை என்ற இடத்தில் இரத்தக்கட்டியை மட்டும் எழுதாதீர்கள். நெபுலைசரில் போகும் எதுவும் மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும். ஆஸ்துமாவோ நாள்பட்ட மூச்சடைப்போ உள்ளவர்களைச் சேர்ப்பதாக இருந்தால், அதை எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று கேட்பார்கள். நரம்பு வழி ஆய்வுகளில் இந்தத் தீமை தென்படவே வாய்ப்பில்லை என்பதால், அவற்றை வைத்து இது பாதுகாப்பானது என்று சொல்லவும் முடியாது.

---

நெஞ்சக_மாணவன் எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து முழுவதுமாக மீண்டும் எழுதினேன். இது மூன்றாம் வரைவு:

> இருமலோடு இரத்தம் வந்து அனுமதிக்கப்படும், ஒரு நாளில் 200 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போகாத பெரியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு நெபுலைசர் வழி டிரனெக்சாமிக் அமிலத்தைச் சேர்ப்பதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை.
>
> பிற்சேர்க்கையில் தரப்பட்ட சொற்களையும் நாளையும் கொண்டு நடத்திய தேடலில், உப்பு நீரோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு கிடைத்தது. 47 பேர் இருந்த அவ்வாய்வில், ஐந்து நாட்களுக்குள் இரத்தம் நின்றவர்கள் மருந்துப் பக்கம் 25-இல் 24 பேர், உப்பு நீர்ப் பக்கம் 22-இல் 11 பேர். மருந்தின்றியே பாதிப்பேருக்கு நின்றதால், ஒப்பீடற்ற தனிநோயாளிக் குறிப்புகளை இங்கே சான்றாகக் கொள்ளவில்லை. பிராங்கோஸ்கோப்பி வழிச் சிகிச்சையோ எம்போலைசேஷனோ தேவைப்பட்டவர்கள் முறையே எவருமில்லை, 4 பேர். மருந்துப் பக்கம் ஒரே ஒரு நிகழ்வு கூடியிருந்தால் இவ்வேறுபாடு நிலைத்திராது. நரம்பு வழியோடு ஒப்பிட்ட 110 பேர் கொண்ட முன்னோட்ட ஆய்வு, நெபுலைசர் வழி மேலானது என்று காட்டினாலும், மருந்து கொடுக்காத நிலையோடு ஒப்பிடவில்லை.
>
> இரைப்பை, குடல் இரத்தப்போக்கில், இதே மருந்து சிறிய ஆய்வுகளில் காட்டிய நன்மை 12,009 பேரிடம் நடந்த ஆய்வில் காணப்படவில்லை. சிரை இரத்தக்கட்டி 0.4 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக உயர்ந்தது. அங்கே வழியும் அளவும் வேறு என்பதால் அம்முடிவை நேரடியாகப் பொருத்த இயலாது; எனினும் சிறிய ஆய்வில் கண்ட பெரிய வேறுபாட்டைச் சரிபார்க்காமல் ஏற்பதற்கு அது தடையாக நிற்கிறது. நெபுலைசர் வழியில் மூச்சுக்குழல் சுருக்கம் எவ்வளவு நேரும் என்பதை 25 பேரின் தரவு சொல்லப் போதாது.
>
> ஆகவே 120 பேரிடம், ஐந்து நாட்களுக்குள் இரத்தம் நிற்போரின் விகிதம் உப்பு நீரைவிட மருந்தில் கூடுகிறதா என்று சரிபார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். மேற்கண்ட சிகிச்சைகளுக்கான தேவை பதிவு செய்யப்படும். ஆனால் அதில் வேறுபாடு உண்டா என்ற கேள்விக்கு இவ்வாய்வு விடை தராது.

கடைசி வாக்கியத்தை எழுதும்போது கை தயங்கியது. இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் எதற்கு?’ என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

---

குழு_முன்னாள்_உறுப்பினர் எழுதியது:

அந்த வாக்கியத்தை எடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதாவிட்டால் குழு எழுதும். இரண்டு திருத்தங்கள் மட்டும்: முதல் பத்தியில் ‘ஒருமித்த முடிவு இல்லை’ என்பதற்கு ஆதாரம் வேண்டும், அது இல்லையென்றால், உங்கள் துறையிலேயே சிலர் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை என்று தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை என்ற அளவை ஏன் எடுத்தீர்கள் என்பதும் இல்லை. 2018 ஆய்வைச் சரிபார்ப்பதால் அதே அளவு என்று அரை வாக்கியம் போதும்.

---

வார்டு_மருத்துவர் எழுதியது:

வரைவு நன்றாக வந்திருக்கிறது. ஆனாலும் நான் குழுவில் இருந்தால் 450 பேர் வழியைத்தான் கேட்பேன். இரத்தம் ஐந்தாம் நாளில் நின்றதா ஏழாம் நாளில் நின்றதா என்பதற்காக ஒருவர் உப்பு நீரை ஏற்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

---

நெஞ்சக_மாணவன் எழுதியது:

நீங்கள் கேட்டதையே என் வழிகாட்டியும் கேட்டார், டாக்டர். வேறு இரண்டு மருத்துவமனைகளில் பேசிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் சேர்ந்தால் கடைசிப் பத்தியும் மாதிரி அளவும் மாறும், முதல் மூன்று பத்திகள் அப்படியே இருக்கும். வியாழக்கிழமை சந்திப்பு. அதற்குள் அளவு பற்றிய அரை வாக்கியத்தையும் தேடல் பிற்சேர்க்கையையும் முடித்துவிடுகிறேன்.